இடைமொழியின் கதை – 5: எழுதப்படாத வாக்கியங்கள்

சென்ற இதழில் ராபர்ட் லேடோவிடம் நின்றிருந்தோம். 1957இல் மிச்சிகனிலிருந்து வெளியான அவருடைய நூல், ஒரு தலைமுறை மொழியாசிரியர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. மாணவனின் தாய்மொழியையும் அவன் கற்கும் மொழியையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றார் லேடோ. இரண்டும் ஒத்துப்போகும் இடம் அவனுக்கு எளிது, வேறுபடும் இடம் கடினம். வேறுபடும் இடங்களைப் பட்டியலிட்டால் வரப்போகும் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர் ஃபுளோரிடாவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, ஸ்பெயினில் வளர்ந்து, இளைஞனாக அமெரிக்கா திரும்பியவர். இந்தக் கருத்தைத் தன் வாழ்விலேயே உணர்ந்திருப்பார் என்று எண்ண இடமுண்டு.

பட்டியல்கள் வந்தன. பாடநூல்கள் வந்தன. ஆனால் வகுப்பறையில் மாணவர்கள் பட்டியலின்படி தவறு செய்யவில்லை. வரும் என்று சொன்ன பிழைகள் சில வரவே இல்லை. எதிர்பாராத பிழைகள் வந்தன. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஒரே பிழையைச் செய்தார்கள். எடின்பரோவில் பயன்பாட்டு மொழியியல் துறையை நடத்திவந்த பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை இந்தக் குழப்பத்தை நேராக எதிர்கொண்டது. களைப்பாலோ அவசரத்தாலோ நேரும் தவறு வேறு, திரும்பத் திரும்ப ஒரே விதமாக வரும் பிழை வேறு என்று அவர் பிரித்தார். முதலாவதைச் சொன்னவரே திருத்திக்கொள்வார். இரண்டாவதை அவரால் திருத்த முடியாது. ஏனென்றால் அவருடைய மனத்தில் உள்ள விதிப்படி அது சரியான வாக்கியம். அப்படியானால் அந்த விதி என்ன? அது எங்கிருந்து வந்தது? இந்த இதழ் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. விதியில் தாய்மொழிக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடுமையாக நடந்தது. ஒரு கட்டத்தில் தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று சொல்லுமளவுக்குப் போனது.

லேடோ ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் லாரி செலிங்கர். 1966இல் முடிந்த அந்த ஆய்வில் ஹீப்ரு பேசும் இஸ்ரேலிய மாணவர்களின் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டார். அவர்கள் ‘ஐ லைக் வெரி மச் மூவீஸ்’ என்றார்கள். ‘ஐ பாட் டவுன்டவுன் தி போஸ்ட்கார்ட்’ என்றார்கள். ஆங்கிலத்தில் வினையை அடுத்துச் செயப்படுபொருள் வரவேண்டும். இவர்களோ இடையில் வேறொரு சொல்லைச் செருகினார்கள். இதைப் பார்த்து ‘ஹீப்ருவின் வேலை’ என்று எழுதிவிட்டுப் போவது அன்றைய வழக்கம். செலிங்கர் அப்படிச் செய்யவில்லை. மூன்று வகைப் பேச்சுகளைச் சேகரித்தார்: அவர்கள் ஹீப்ருவில் பேசியது, அவர்களே ஆங்கிலத்தில் பேசியது, அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசியது. ஹீப்ருவில் எந்த வரிசை அடிக்கடி வருகிறதோ, அதே வரிசை அவர்களுடைய ஆங்கிலத்திலும் அடிக்கடி வருகிறதா என்று எண்ணிப் பார்த்தார். இந்த மூன்று வகைச் சேகரிப்பு நம் கதையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

1968–69இல் செலிங்கர் எடின்பரோவில் கார்டரின் துறையில் இருந்தார். அங்கே உருவான கட்டுரை 1972இல் வெளியானது. மாணவன் பேசும் அந்த மொழி அவனுடைய தாய்மொழியும் அல்ல, இலக்கு மொழியும் அல்ல. தனக்கென்று ஒழுங்குள்ள மூன்றாவது ஒன்று. அதற்கு அவர் தந்த பெயரைத்தான் நாம் ‘இடைமொழி’ என்கிறோம். நெம்சர் என்ற ஆய்வாளரும் கார்டரும் அதே ஆண்டுகளில் இதே கருத்துக்கு வேறு பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். நிலைத்தது செலிங்கருடையது.

அந்த மூன்றாவது மொழியை உருவாக்குபவை ஐந்து என்றார் அவர். தாய்மொழியிலிருந்து வருவது ஒன்று. கற்பித்த முறையிலிருந்து வருவது இன்னொன்று. செர்போ–குரோஷிய மாணவர்கள் பெண்ணைப் பற்றிப் பேசும்போதும் ‘ஹி’ என்றே சொன்னார்கள். அவர்களுடைய தாய்மொழியில் ஆண், பெண் வேறுபாடு நன்றாகவே உண்டு. ஆனால் பாடப் பயிற்சிகளில் ‘ஹி’ மட்டுமே வந்துகொண்டிருந்தது. புதுமொழியின் விதியை அளவுக்கு மீறி நீட்டுவது மூன்றாவது. கற்பவர் கையாளும் உத்தி நான்காவது. எப்படியாவது கருத்தைச் சொல்லிவிடக் கையாளும் உத்தி ஐந்தாவது. ‘உறைவு’ என்பதும் இதே கட்டுரையின் சொல்தான்: சில விதிகள் எவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் அப்படியே தங்கிவிடுவது.

இந்தக் கட்டுரையில் நம் நாட்டு உதாரணம் ஒன்றும் இருக்கிறது. ‘டோன்ட் வொரி, ஐ’ம் ஹியரிங் ஹிம்’ என்று இந்திய மாணவர் சொன்ன வாக்கியம். நம்மில் யாரைக் கேட்டாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு இது என்றுதான் சொல்வார்கள். செலிங்கர் இதைத் தாய்மொழிக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுமொழியை எளிமைப்படுத்திக்கொள்ளும் உத்தி என்ற கணக்கில் சேர்த்தார். அதற்குக் காரணம் உண்டு. வினையோடு ‘இங்’ சேர்ப்பதைப் பல தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கத் தொடங்கியதுமே பிடித்துக்கொள்கிறார்கள். ஆக, ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விளக்கங்கள் நிற்கின்றன. வாக்கியத்தை மட்டும் பார்த்து எது சரி என்று தீர்க்கவே முடியாது.

இதே கட்டுரை இந்திய ஆங்கிலம் முழுவதையும் ஒரு சமூகமே உறைந்து நின்ற இடைமொழி என்பதுபோல் குறிப்பிட்டது. பின்னாளில் இந்திய மொழியியலாளர்கள் இதை வன்மையாக மறுத்தார்கள். இந்தியர்கள் இங்கிலாந்துக்காரர்களோடு பேச ஆங்கிலம் கற்கவில்லை. தங்களுக்குள் பேசக் கற்றார்கள். தலைமுறை தலைமுறையாக நிலைபெற்ற வழக்கை ஒரு மாணவனின் அரைகுறைப் படிக்கட்டோடு ஒப்பிடக்கூடாது என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் செலிங்கர் தவறினார் என்றே நான் நினைக்கிறேன். தனிமனிதரின் கற்றலுக்காக அமைத்த கோட்பாட்டை ஒரு சமூகத்தின் வழக்கின்மேல் போர்த்தியது அந்தத் தவறு.

இனி அலை மறுபக்கம் திரும்பிய கதை. 1973இல் ஹைடி டுலே, மரினா பர்ட் என்ற இருவர் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகள் ஆங்கிலத்தில் செய்த பிழைகளை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகள் செய்வது போன்ற பிழைகள் 85 விழுக்காடு. ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை என்று சொல்லத்தக்கவை 3 விழுக்காடுதான். அடுத்த ஆண்டு இன்னொன்று செய்தார்கள். ஸ்பானியக் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, பன்மை ‘எஸ்’, ‘இங்’, ‘தி’, இறந்தகால ‘எட்’ போன்ற சிறு உறுப்புகளை எந்த வரிசையில் கைக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். இரு மொழிகளுக்கும் எந்த உறவும் இல்லை. வரிசையோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இது பெரிய அதிர்ச்சி. மூன்று விழுக்காட்டுக்காகவா இத்தனை ஒப்பீட்டு நூல்கள் என்று கேட்டார்கள். லேடோவின் பின்னே நின்றது பழக்கத்தால் மொழி உருவாகிறது என்ற உளவியல்; அதைச் சாம்ஸ்கி 1959லேயே தகர்த்திருந்தார். அந்த உளவியலோடு சேர்த்துத் தாய்மொழித் தாக்கம் என்ற கருத்தையே பலர் தூக்கி எறிந்தார்கள். குழந்தை தன் தாய்மொழியை எப்படிப் படைத்துக்கொள்கிறதோ அப்படியே இரண்டாம் மொழியையும் படைத்துக்கொள்கிறது, நடுவில் முதல் மொழிக்கு வேலையில்லை என்பது புதிய கொள்கை.

அந்த எண்ணிக்கையில் ஒரு வலுவான அனுமானம் ஒளிந்திருந்தது. தாய்மொழி வேலை செய்தால் அது பிழையாகத்தான் வெளிப்படும் என்பதே அது. லேடோவும் அப்படித்தான் நினைத்தார். அவரை மறுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த அனுமானத்தை உடைத்தவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் ஷாக்டர். 1974இல் வந்த அவருடைய கட்டுரை சிறியது. ‘பிழையாய்வில் ஒரு பிழை’ என்பது தலைப்பு. இந்தத் துறையின் வரலாற்றில் இவ்வளவு எளிய கணக்கால் இவ்வளவு பெரிய திருப்பம் வேறு எங்கும் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் அதைப் பொறுமையாகப் பார்ப்போம்.

அவர் எடுத்துக்கொண்டது தமிழிலக்கணம் பெயரெச்சம் என்று சொல்லும் அமைப்பு. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்கிறோம். விளக்கும் பகுதி முன்னே, பெயர் பின்னே. ஜப்பானியரும் இப்படித்தான்: ‘கினோ கத்தா ஹோன்’. கினோ என்றால் நேற்று, கத்தா என்றால் வாங்கிய, ஹோன் என்றால் புத்தகம். தமிழ் வரிசையில் ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. சீனத்திலும் விளக்கம் முன்னே வந்து பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் தலைகீழ். ‘தி புக்’ முதலில் வந்து, அதன் பின்னே ‘தட் ஐ பாட் யெஸ்டர்டே’ தொங்கும். அரபியிலும் பாரசீகத்திலும் ஆங்கிலத்தைப் போலவே பெயர் முன்னே, விளக்கம் பின்னே. ஒரு சிறு வேறுபாடு உண்டு. அரபியில் ‘அல் கிதாபுல்லதீ இஷ்தரைதுஹு’ என்னும்போது இறுதியிலுள்ள ‘ஹு’ என்பது ‘அதை’. ‘நான் அதை வாங்கிய புத்தகம்’ என்பதுபோல ஒரு சுட்டு உள்ளே நிற்கும். பாரசீகத்திலும் இத்தகைய சுட்டுக்கு இடமுண்டு. ஆங்கிலத்தில் அது கூடாது.

லேடோவின் வழியில் கணித்தால் என்ன வரும்? அரபு, பாரசீக மாணவர்களுக்கு இந்த அமைப்பு ஓரளவு எளிது. சுட்டை விட்டுவிடக் கற்றால் போதும். சீன, ஜப்பானிய மாணவர்களுக்குக் கடினம். வாக்கியத்தைத் திருப்பிப் போடவேண்டும்.

ஷாக்டர் இந்த நான்கு தாய்மொழி மாணவர்களும் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைக் குழுவுக்கு ஐம்பதாக எடுத்தார். ஒப்பிட, அமெரிக்க மாணவர்கள் எழுதிய ஐம்பது கட்டுரைகள். முதலில் பிழையாய்வு சொன்னபடி பிழைகளை மட்டும் எண்ணினார். பாரசீகர் 43 பிழைகள். அரபியர் 31. சீனர் 9. ஜப்பானியர் 5. கணிப்பு முற்றிலும் தோற்றதுபோல் தெரிகிறது. வாக்கியத்தையே திருப்பிப் போடவேண்டிய ஜப்பானியர் கிட்டத்தட்ட பிழையே செய்யவில்லை. நெருங்கிய அமைப்புள்ள பாரசீகரோ தடுமாறியிருக்கிறார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் ஜப்பானியருக்கு இந்தப் பாடம் தேவையில்லை, பாரசீகருக்குத்தான் தேவை என்று ஆசிரியர் முடிவு செய்திருப்பார்.

ஷாக்டர் நிறுத்தவில்லை. சரியானதையும் சேர்த்து, இந்த அமைப்பு மொத்தம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினார். பாரசீகர் 174 முறை எழுதியிருந்தார்கள். அரபியர் 154. சீனர் 76. ஜப்பானியர் 63 மட்டுமே. அமெரிக்கர்கள் எழுதியது 173. அமெரிக்கருக்குச் சமமாகப் பாரசீகர் துணிந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியதில் நான்கில் ஒன்று பிழையாகியிருக்கிறது. ஜப்பானியரோ அமெரிக்கர் எழுதியதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் எழுதியிருக்கிறார்கள். எழுதியதில் பன்னிரண்டில் ஒன்றுதான் பிழை. உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, மற்ற இடங்களில் வாக்கியத்தை இரண்டாக உடைத்தோ வேறுவிதமாகச் சுற்றியோ எழுதியிருக்கிறார்கள்.

கடினம் என்பது பிழையாக வெளிவர வேண்டியதில்லை, இல்லாமையாகவும் வெளிவரலாம். திருத்தும் சிவப்பு மையில் அது தெரியாது. லேடோவின் ஒப்பீடு இங்கே சரியாகவே சொல்லியிருந்தது. அதைச் சோதித்த வழிதான் தவறு. தாய்மொழியின் பங்கை 3 விழுக்காடாகக் காட்டிய ஆய்வு, குழந்தைகள் சொன்னதை எண்ணியது. சொல்லாமல் விட்டதை எண்ணவில்லை. எண்ணிய பிழைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஹி நோ கோ’ என்று ஒரு ஸ்பானியக் குழந்தை சொல்கிறது. ஆங்கிலக் குழந்தைகளும் சிறு வயதில் ‘நோ’வை அப்படி வைப்பதுண்டு. ஸ்பானிய மொழியிலும் ‘நோ’ என்பது வினைக்கு முன்னேதான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எதில் சேர்த்தாலும் விழுக்காடு மாறிவிடும்.

ஷாக்டரின் கணக்கிலும் ஒரு சந்து இருந்தது. குறைவாக எழுதினார்கள் என்பதிலிருந்து தவிர்த்தார்கள் என்று எப்படிச் சொல்வது? தெரியாத ஒன்றைத் தவிர்க்க முடியாது. அந்த அமைப்பே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கட்டுரைத் தலைப்புக்கு அது தேவைப்படாமல் இருந்திருக்கலாம். சீனரும் ஜப்பானியரும் தங்கள் மொழியிலேயே இந்த அமைப்பைக் குறைவாகப் பயன்படுத்துபவர்களாக இருந்தால், அச்சத்தால் ஒதுங்கினார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை. தாய்மொழியில் எவ்வளவு அடிக்கடி வருமோ அந்த அளவு இங்கும் வந்தது என்று சொன்னால் போதும். பின்னால் வந்தவர்கள் இந்த எதிர்ப்பை வலுவாகவே எழுப்பினார்கள். அது நியாயமானது. ஆனால் கவனியுங்கள்: அந்த விளக்கத்திலும் தாய்மொழிதான் காரணம். அச்சம் என்ற இடைப்படி மட்டும்தான் விலகுகிறது.

முதல் எதிர்ப்புக்கு ஹோவர்ட் கிளைன்மன் 1977இல் பதில் தேடினார். ஒரு குழு அரபு மாணவர்கள். மற்றொன்று ஸ்பானிய, போர்ச்சுகீசிய மாணவர்கள். செயப்பாட்டு வினை உள்ளிட்ட நான்கு அமைப்புகளை எடுத்துக்கொண்டு, முதலில் அவை இவர்களுக்குப் புரிகின்றனவா என்று தேர்வு வைத்தார். புரிந்தன. பிறகு அந்த அமைப்புகள் இயல்பாக வரக்கூடிய சூழலை உண்டாக்கிப் பேசவைத்தார். அரபியர் செயப்பாட்டு வினையைத் தவிர்த்தார்கள். மற்றவர்கள் அதைத் தவிர்க்காமல் வேறு அமைப்புகளைத் தவிர்த்தார்கள். ஒப்பீடு எங்கே கடினம் என்று சொன்னதோ அங்கேதான் இரண்டு குழுவும் ஒதுங்கின. தெரிந்திருந்தும் ஒதுங்கின. கற்பவரின் பதற்றமும் துணிவும் இதில் சேர்ந்து வேலை செய்வதையும் கிளைன்மன் காட்டினார். இவ்வளவுக்குப் பிறகு, தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று சொல்லும் துணிவு மெல்லக் கரைந்தது.

ஆனாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. பாரசீகரும் ஜப்பானியரும் மொழியில் மட்டும் வேறுபட்டவர்கள் அல்லர். பள்ளி வேறு, ஆசிரியர் வேறு, கட்டுரை எழுதும் மரபு வேறு, ஆங்கிலம் கற்ற ஆண்டுகள் வேறு. எல்லாம் ஒன்றாக இருந்து, தாய்மொழி மட்டும் மாறும் இரண்டு குழுக்கள் உலகில் எங்கே கிடைக்கும்?

ஏறத்தாழ அப்படி ஒரு இடம் இருக்கிறது. அது ஃபின்லாந்து. அங்கே பெரும்பான்மையினர் ஃபின்னிஷ் பேசுகிறார்கள். தெற்கு, மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் நூற்றாண்டுகளாக வாழும் ஒரு சிறுபான்மையினரின் தாய்மொழி ஸ்வீடிஷ். இரு சாராரும் ஒரே நாட்டின் குடிமக்கள். ஒரே தேசியப் பாடத்திட்டம், ஒரே மாதிரிப் பள்ளி, ஏறக்குறைய ஒரே பண்பாடு. பிள்ளைகள் அவரவர் மொழிப் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லாருமே ஆங்கிலம் கற்கிறார்கள். மொழிகளோ வேற்றுலகம். ஸ்வீடிஷ் ஆங்கிலத்துக்கு உறவு. ஃபின்னிஷ் எந்த வகையிலும் உறவல்ல. தமிழைப் போல அது ஒட்டுமொழி. நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயருக்குப் பின்னே உருபை ஒட்டி ‘இல்’, ‘இலிருந்து’, ‘மேல்’ என்ற பொருள்களையெல்லாம் சொல்லிவிடும். வேற்றுமை பதினைந்து. ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சொல் கிடையாது.

துர்க்கு நகரின் ஓபோ அகாடமியில் பணியாற்றிய ஹோகன் ரிங்பம் இந்த வாய்ப்பைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். 1987இல் அவருடைய நூல் வந்தது. ஸ்வீடிஷ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் விரைவாகப் புரிகிறது, அவர்கள் முன்னே போகிறார்கள் என்பது அவர் கண்ட முதல் செய்தி. தாய்மொழியின் மிகப்பெரிய வேலை பிழை உண்டாக்குவது அல்ல, உதவுவது. உதவி எந்தப் பிழைப் பட்டியலிலும் ஏறாது. அதனாலேயே இத்தனை காலம் கணக்கில் வராமல் கிடந்தது.

இந்தக் களத்தில் அமெரிக்கரான ஸ்காட் ஜார்விஸ் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்திலிருந்து சில நிமிடத் துண்டு ஒன்றைக் காட்டினார். பசியோடு இருக்கும் பெண் ரொட்டி திருடுகிறாள். ஓடும்போது சாப்ளின்மேல் மோதுகிறாள். பிறகு இருவரும் போலீஸ் வண்டியிலிருந்து தப்பி, ஒரு வீட்டின் முன்னே புல்லில் உட்காருகிறார்கள். பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். வேறு பிள்ளைகளை ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் எழுதச் சொன்னார். ஆங்கிலம் தாய்மொழியான பிள்ளைகளையும் எழுதவைத்தார். செலிங்கரின் மூன்று வகைச் சேகரிப்பு இங்கே இரண்டு தாய்மொழிகளுக்கும் விரிந்து நின்றது. எல்லாரும் பார்த்தது ஒரே காட்சி. ஆகவே கட்டுரைத் தலைப்பு வேறுபட்டது என்ற சாக்குக்கு இடமில்லை.

ஜார்விஸும் டெரன்ஸ் ஓட்லினும் 2000இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் புல்லில் உட்காரும் காட்சியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தில் ‘சிட் ஆன் தி கிராஸ்’ என்று வரவேண்டும். ஸ்வீடிஷ் பிள்ளைகள் சிலர் தவறான முன்னிடைச்சொல்லைப் போட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டார்கள். அவர்கள் மொழியிலும் பெயருக்கு முன்னே தனிச்சொல் நிற்கிறது. ஃபின்னிஷ் பிள்ளைகளில் சிலர் அதை விட்டேவிட்டார்கள்: ‘சிட் கிராஸ்’. வேறு சிலர் ‘டு’ போட்டார்கள். அந்த ‘டு’வுக்குக் காரணம் தெளிவு. ஃபின்னிஷில் உட்காரும் செயலைச் சொல்லும்போது ‘நுர்மிகோல்லே’ என்பார்கள்; ‘ல்லே’ என்ற உருபு ஓர் இடத்தின் மேற்பரப்பை நோக்கிப் போவதைக் குறிப்பது. உட்காருவது அவர்களுக்கு ஓர் இடத்துக்குப் போவது.

விட்டுவிட்டதுதான் உற்றுப் பார்க்கவேண்டியது. ஃபின்னிஷில் இடத்தைக் குறிக்கும் உருபை விட முடியாது; கட்டாயம் வரவேண்டும். அப்படியிருக்க, ஆங்கிலத்தில் அவர்கள் ஏன் விட்டார்கள்? தாய்மொழியை அப்படியே நகலெடுத்தால் இந்தப் பிழை வராது. பெயருக்குப் பின்னே ஒட்டி நிற்கும் உருபைத் தேடிப் பழகிய மனம், பெயருக்கு முன்னே தனியாக, அழுத்தமில்லாமல் நிற்கும் ஒரு சின்னச் சொல்லைத் தன் உருபுக்கு ஈடானது என்று அடையாளம் காண்பதில்லை. பெயருக்கு முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தாய்மொழி அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. எளிமைப்படுத்தல் எல்லாக் கற்பவருக்கும் பொது என்றுதான் டுலேயும் பர்ட்டும் சொன்னார்கள். பொதுதான். ஆனால் எந்த இடத்தில் எளிமைப்படுத்துவது என்பதைத் தாய்மொழி தீர்மானிக்கிறது. ஒரே பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளில் ஒரு சாரார் மட்டும் இங்கே சொல்லை விடுகிறார்கள், மறுசாரார் விடுவதில்லை.

அதே ஆண்டு ஜார்விஸ் தனியாக எழுதிய கட்டுரை, ‘இது தாய்மொழியின் வேலை’ என்று சொல்வதற்கு முன் காட்டவேண்டியவை மூன்று என்று வரையறுத்தது. ஒரே தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டும். வேறு தாய்மொழிக்காரர்கள் அதே நிலையில் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் இடைமொழியில் செய்வதும் தாய்மொழியில் செய்வதும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் கிடைத்தால் வழக்கு வலுவானது. ஒன்று மட்டும் இருந்தால் ஐயம்தான்.

இந்த அளவுகோலைச் செலிங்கரின் இந்திய வாக்கியத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ‘ஐ’ம் ஹியரிங் ஹிம்’ என்று தமிழர் பலர் சொல்லலாம். முதல் நிபந்தனை நிறைவேறும். தமிழில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று உண்டு, மூன்றாவதும் நிறைவேறும். இரண்டாவது எங்கே? இப்படியொரு தொடர்வினை வடிவமே இல்லாத மொழியைப் பேசுபவர்கள், அதே ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டு இப்படிச் சொல்லாமல் இருக்கிறார்களா? அந்தக் குழுவைக் கண்டு எண்ணிப் பார்க்கும்வரை, இந்தப் பிழையைத் தமிழ்மேல் ஏற்றுவதற்கு நம்மிடம் ஆதாரம் போதாது. நம் பள்ளிகளில் ஒரு பிழையைக் கேட்டதும் ‘தமிழில் யோசிக்கிறான்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் மிகப் பலர். அவர்கள் சொல்வது சில பிழைகளில் உண்மையாகவும் இருக்கும். எவற்றில் என்று அறிய ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம் போதாது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்டுரை நோட்டுகளைத் திருத்தும்போது, ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வரும் வாக்கியங்களில் பிழை எத்தனை என்பதோடு, அவை மொத்தம் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். பெயரெச்சத்தை முன்னே வைக்கும் மொழியைப் பேசுகிறவர்கள் நம் பிள்ளைகள். ஷாக்டரின் ஜப்பானியர் செய்ததை அவர்களும் செய்கிறார்களா என்பது அந்த நோட்டுகளிலேயே இருக்கும். கண்டதை இந்த இதழுக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில் ஜெர்மனிக்குப் போவோம். 1970களில் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் அங்கே வேலைக்குப் போனவர்கள், பெரும்பாலும் வகுப்பறையே இல்லாமல் ஜெர்மன் கற்றபோது, சொல்வரிசையைப் படிப்படியாகப் பிடித்த விதத்தை மெய்சல், கிளாசன், பீனமன் மூவரும் கண்டெடுத்த கதை அது.